சோல்பிடெமை விட்டால் அம்மாவுக்கும் வலிப்பு வருமா?

கேள்வி: அண்ணா, நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. தூக்கம் வரவில்லை என்று கிளினிக்கில் சோல்பிடெம் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் இரவில் ஒன்று போடுகிறார். தீர்ந்துபோன நாளில் பிரிட்டோன் இரண்டு போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்கிறார். ஆனால் போன வருஷம் பெரியம்மா சானாக்ஸைத் திடீரென்று விட்டு, மூன்றாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மாவுக்கும் அப்படி ஆகுமா? எப்படி நிறுத்துவது?

பதில்:

தங்கச்சி, அம்மா போடுவது உண்மையிலேயே இரவுக்கு ஒரே ஒரு சோல்பிடெம், அதற்கு மேல் எதுவும் இல்லை என்றால், பெரியம்மாவுக்கு வந்ததுபோல் வலிப்பு வர வாய்ப்பு மிகவும் குறைவு. அம்மாவுக்கு வரக்கூடியது சில மோசமான இரவுகள். அவை வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் தாங்கிவிடலாம். தெரியாவிட்டால் மூன்றாம் இரவே மாத்திரையை மறுபடி எடுத்துவிடுவார். நான் பார்த்தவரை சோல்பிடெமை விட முடியாமல் போனவர்களில் பெரும்பாலோர் அந்த மூன்றாம் இரவில்தான் தோற்றார்கள்.

ஆனால் "உண்மையிலேயே ஒன்றுதானா" என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப்பக்கம் மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே "இரவு 1" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. "தூக்க மாத்திரை" என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அந்தப் பையில் இருப்பது மிடாசோலாமாகவோ லோராசெபாமாகவோ இருந்தால் நான் கீழே சொல்லும் கணக்கு பொருந்தாது. அவை பெரியம்மாவின் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிளினிக்கில் மருந்தின் பெயரையும் அளவையும் லேபிளில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். பெயர் "செபாம்" என்றோ "சோலாம்" என்றோ முடிந்தால் அது பென்சோடயசெபைன் என்று வைத்துக்கொள்ளலாம். டயசெபாம், குளோனசெபாம், புரோமசெபாம், அல்பிரசோலாம் எல்லாம் அந்த வகை. சானாக்ஸ் என்பது அல்பிரசோலாமின் ஒரு வணிகப் பெயர்.

அப்புறம் மாத்திரையை எண்ணுங்கள். 30 மாத்திரை வாங்கியது 30 நாள் வருகிறதா, 20 நாளிலேயே தீர்ந்துவிடுகிறதா? பிரிட்டோன் போடும் நாட்கள் எப்படி வருகின்றன என்று யோசித்தாலே பாதி புரிந்துவிடும். அடுத்த முறை வாங்கப் போகும் தேதிக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்றால், சில இரவுகளில் இரண்டு போகிறது என்று அர்த்தம். திட்டாமல் கேளுங்கள். சோல்பிடெமுக்கு ஒரு குணம் உண்டு. போட்ட பிறகு படுக்காமல் உட்கார்ந்திருந்தால், போட்டதே நினைவில் இருக்காது. "இன்னும் போடலையே" என்று இரண்டாவதைப் போட்டுவிடுவார்கள்.

சரி, ஒரே மாத்திரைதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரியம்மாவுக்கு ஆனது ஏன் அம்மாவுக்கு ஆகாது?

இரண்டு மருந்துகளும் மூளையில் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன. காபா என்று ஒரு ரசாயனம் நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. அதன் வேலையை இந்த மருந்துகள் கூட்டிவிடுகின்றன. வித்தியாசம் எவ்வளவு நேரம் கூட்டுகின்றன என்பதில்தான் அதிகம். அல்பிரசோலாமை மக்கள் பதற்றத்துக்காகக் காலையும் இரவுமாக, சில சமயம் மூன்று வேளை போடுகிறார்கள். அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகிறது. ஆக, பெரியம்மாவின் மூளை இருபத்துநான்கு மணி நேரமும் அந்த மருந்துக்குள்ளேயே இருந்தது. நாள் முழுக்கப் பிரேக்கை மிதித்தபடியே செம்பனைக்குலை லாரியை ஓட்டுகிறவர், வண்டி நகர வேண்டுமே என்று எண்ணெயையும் சேர்த்து மிதிப்பார் அல்லவா? மூளையும் அப்படித்தான் ஈடுகட்டிப் பழகிவிடுகிறது. அமைதிப்படுத்தும் பக்கம் மந்தமாகும், கிளர்ச்சியூட்டும் பக்கம் ஓங்கும். திடீரென்று பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுத்தால் என்ன ஆகும்? அதைத்தான் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தீர்கள்.

சோல்பிடெம் அப்படி நாள் முழுக்கத் தங்குவதில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகிறது. இரவு 10 மணிக்குப் போட்டால், காலை 6 மணிக்கு ரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கொஞ்சம் மெதுவாக இறங்கும். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10-இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. எப்படியிருந்தாலும் பகல் பொழுதில் அம்மாவின் மூளை மருந்தில்லாமல்தான் இருந்திருக்கிறது. இந்த ஒரு வருஷமும் பகலெல்லாம் மருந்தின்றிச் சமைத்து, துவைத்து, பேரப்பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டு வந்திருக்கிறார். கை நடுங்கவில்லை, வேர்த்துக் கொட்டவில்லை. இரவு மட்டும் பழகிவிட்டது. அதனால் விடும்போது கெடுவதும் பெரும்பாலும் இரவு மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. காபா வந்து ஒட்டும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள், அவற்றில் பல வகை. பென்சோடயசெபைன்கள் தூக்கம், பதற்றம், தசை இறுக்கம் என்று எல்லாவற்றோடும் தொடர்புள்ள பல வகைகளைப் பிடித்துக்கொள்ளும். சோல்பிடெம் சாதாரண அளவில் தூக்கத்தோடு தொடர்புள்ள வகையையே முக்கியமாகப் பிடிக்கிறது. "சாதாரண அளவில்" என்பதைக் கவனியுங்கள். அளவு ஏற ஏற அந்தப் பாகுபாடு கரைந்துவிடும். நாளுக்குப் பத்து இருபது மாத்திரை என்று ஏற்றிக்கொண்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பகலில் மனம் லேசாகிறது என்று போட ஆரம்பித்தவர்கள். அவர்கள் திடீரென்று விட்டால் பெரியம்மாவுக்கு வந்த அதே வலிப்பு வரலாம். சோல்பிடெமை விட்டு வலிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் வந்த நிகழ்வுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுடையவை. எனவே "சோல்பிடெம் பயமில்லாத மருந்து" என்று யாராவது சொன்னால், எத்தனை மாத்திரை என்று திருப்பிக் கேளுங்கள்.

இதே குடும்பத்தில் சோபிகுளோன் என்று ஒன்று உண்டு, வழக்கமாக 7.5 மில்லிகிராம். அது பாதியாக 5 மணி நேரம் ஆகும். விடும் கதை சோல்பிடெம் மாதிரிதான், கொஞ்சம் நீளும், அவ்வளவே.

இப்போது விடும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நம் பக்கத்தில், தோட்டத்தில் உரம் போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா. உங்கள் அம்மா மாதிரியே 10 மில்லிகிராம், ஒரு வருஷத்துக்கு மேல். யாரோ "சும்மா விடுங்க, ஒன்னும் ஆகாது" என்று சொல்ல, ஒரே இரவில் விட்டார். முதல் இரவு படுத்தவருக்குக் கண் மூடவே இல்லை. கூரை, காற்றாடிச் சத்தம், பக்கத்து லயத்துச் சேவல், எல்லாம் காதுக்குள். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் கொஞ்சம் அசந்தார். இரண்டாம் இரவு அதைவிட மோசம். படுக்கைக்குப் போகும்போதே நெஞ்சு படபடத்தது, இன்றைக்கும் வராது என்ற பயம். மூன்றாம் நாள் பகலில் எரிச்சல், தலை பாரம், மருமகளிடம் சண்டை. அன்றைக்குத்தான் என் மருந்துக் கடைக்கு வந்து, "எனக்குத் தூக்க வியாதி முத்திப்போச்சு, இதவிடப் பெரிய மாத்திரை குடுங்க" என்றார்.

வியாதி முற்றவில்லை. ஆங்கில மருத்துவத்தில் ரீபவுண்ட் என்று சொல்வது இதைத்தான். மருந்து தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடத் தூக்கம் மோசமாகத் தெரியும். முதல் இரவிலேயே தொடங்கும், இரண்டு மூன்று இரவில் உச்சம், ஒரு வாரம் போல் ஆகும்போது தணிந்துவிடும். அந்த அக்காவிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. மாத்திரை தொடங்கும் முன் இவ்வளவு மோசமா? இல்லை, அப்போது நான்கு மணி நேரமாவது வரும் என்றார். விட்ட அன்றைக்கே தொடங்கியதா? ஆமாம். பகலில் முன்பு இல்லாத புதுசாக ஏதாவது, கை நடுக்கம், வெளிச்சம் கூசுவது, தோலில் ஏதோ ஊர்வது? இல்லை, சோர்வும் கோபமும்தான். பதில்கள் மூன்றும் ரீபவுண்டையே காட்டின.

பழைய தூக்கமின்மை திரும்பி வருவது வேறு. அது விட்ட இரவே பாய்ந்து வராது. இரண்டு மூன்று வாரம் கழித்து மெல்ல வரும், பழைய மாதிரியே இருக்கும், தானாகத் தணியாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஆயுளுக்கும் மாத்திரை வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. சோல்பிடெம் தூக்கத்தைக் கூட்டுவதைவிட, விழித்திருந்ததை மறக்கடிப்பதில் கெட்டிக்காரன். ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்து அளந்தால், இந்த வகை மாத்திரைகள் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடச் சுமார் 20 நிமிடம் முன்னதாகத் தூங்க வைக்கின்றன, அவ்வளவுதான். நடுவில் விழித்துப் புரண்டது காலையில் நினைவில் இருக்காது. அதனால் "கட்டையாட்டம் தூங்கினேன்" என்று தோன்றும். மாத்திரையை விட்டதும் ஒவ்வொரு விழிப்பும் நினைவில் நிற்கிறது. ஆக, அம்மா உண்மையில் இழப்பது அவர் நினைப்பதைவிடக் குறைவு. அந்த வாரத்தில் "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க" என்று கேட்டு நச்சரிக்காதீர்கள். இரவில் கடிகாரம் பார்க்காமல் இருப்பது நல்லது, கைப்பேசியைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அல்பிரசோலாமை விட்ட ஒன்றிரண்டு நாளில் பகலிலேயே தொடங்கும். தட்டு கீழே விழுந்தால் உடம்பு தூக்கிப்போடும். வெயில் கண்ணைக் குத்தும். விரல் நுனி மரத்துப்போகும், தசை தானாகத் துடிக்கும், வேர்க்கும், நெஞ்சு அடிக்கும். காரணமே இல்லாத திகில் அலை அலையாக வரும். சுற்றி நடப்பதெல்லாம் நிஜமில்லை போல, கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது போலத் தோன்றும். தூக்கமும் போகும், ஆனால் அங்கே அது சின்ன விஷயம். வலிப்பு வராதவர்களுக்கும் இது வாரக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். டயசெபாம் போன்ற நீண்ட நேரம் தங்கும் மருந்தாக இருந்தால், முதல் சில நாட்கள் ஒன்றுமே தெரியாது. "பார்த்தியா, ஒன்னும் ஆகலை" என்று சொல்லி முடிப்பதற்குள், ஒரு வாரம் கழித்து வந்து நிற்கும்.

இதனால்தான் பென்சோடயசெபைனைக் குறைக்கும் வேகமே வேறு. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதை யோசிக்கச் சொல்கிறது, இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு வருஷம் ஆனாலும் ஆச்சரியமில்லை. சிலருக்கு டாக்டர் முதலில் டயசெபாமுக்கு மாற்றி, அதிலிருந்து குறைப்பார், அது மெதுவாக இறங்கும் மருந்து என்பதால். பெரியம்மா இப்போது மறுபடி அதே மருந்தில் இருந்தால், அவர் விஷயத்தை வீட்டில் யாரும் கையில் எடுக்க வேண்டாம். மனநலப் பிரிவு என்றதும் "தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்புறீங்க" என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். சும்மா அரசாங்கக் கிளினிக்கில் ஆரம்பித்தாலே போதும், தேவைப்பட்டால் அவர்கள் ஈப்போவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இனி அம்மாவின் கணக்கு. நிறுத்தப் போகிறோம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தாலோ, ஈரல் நோய் இருந்தாலோ அவர் வேறு மாதிரி சொல்வார். அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரே இரவில் விட்டாலும் ஆபத்து பெரிதாக இல்லை. ஆனாலும் நான் படிப்படியாகத்தான் சொல்வேன். படியாகக் குறைத்தால் அந்த மோசமான இரவுகள் சின்னச் சின்னதாகப் பிரிந்துவிடும், மூன்றாம் இரவில் தோற்க மாட்டார்.

கனடாவில் 2018-இல் வெளிவந்த குறைப்பு வழிகாட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு என்கிறது. அம்மாவுக்கு அது இப்படி வரும். முதல் இரண்டு வாரம் 7.5 மில்லிகிராம், அதாவது அரையும் காலும். அடுத்த இரண்டு வாரம் அரை மாத்திரை. அதற்கடுத்த இரண்டு வாரம் கால். பிறகு நிறுத்தம். ஆறு வாரத்தில் முடிந்துவிடும், கடைசிப் படி கடினமாக இருந்தால் கால் மாத்திரையிலேயே இன்னும் இரண்டு வாரம் நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஃபார்மசியில் மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி கிடைக்கும், சில வெள்ளிதான். கத்தியால் வெட்டினால் கால் துண்டு நொறுங்கும். கொஞ்சம் கூடக்குறைய வந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு வாரத்துக்கு உரியதை ஒரே நாளில் நீங்களே வெட்டி வைத்துவிடுங்கள், தூக்கக் கலக்கத்தில் அம்மா வெட்ட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: மெதுவாகக் கரையும் வகை சோல்பிடெம் உண்டு, 6.25 அல்லது 12.5 என்று அளவு போட்டிருக்கும். அதை வெட்டவே கூடாது. வெட்டினால் முழு மருந்தும் ஒரே அடியாக இறங்கும். அது இருந்தால் டாக்டரிடம் சாதாரண வகைக்கு மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதுதான் குறைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். முழு மாத்திரையை அப்படிப் போட்டால், போடாத ஒவ்வோர் இரவும் ஒரு குட்டி ரீபவுண்ட், போட்ட இரவு சொர்க்கம். மாத்திரை இருந்தால்தான் தூக்கம் என்ற பாடத்தை மூளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பதுதான் அது. கால் மாத்திரைக்கு வந்த பிறகு வேண்டுமானால் சில இரவுகளை விட்டுப் பார்க்கலாம்.

குறைக்கும் அதே வாரத்தில் படுக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எட்டு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுத்து, ஐந்துக்கு எழுகிறார்கள். பால்மரம் வெட்டப் போன காலத்துப் பழக்கம். ஆனால் 61 வயது உடம்பு தூங்கத் தேவைப்படுவது ஆறு மணி நேரமோ, கொஞ்சம் மேலோ. எட்டு மணி நேரம் படுத்தால் இரண்டு மணி நேரம் விழித்திருக்கத்தான் செய்வார். அம்மா ஐந்துக்கு எழுகிறவர் என்றால், பதினொன்றுக்கு முன் படுக்கையில் ஏற வேண்டாம். அதுவரை கூடத்தில் உட்காரட்டும், டிவி பார்க்கட்டும், கண் சொக்கினால் எழுந்து நடக்கட்டும். முந்தைய இரவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் காலை ஐந்துக்கு எழுந்தே ஆக வேண்டும், மதியம் படுக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் தூக்கம் இறுகி வரும், பிறகு கால் மணி நேரமாக முன்னே நகர்த்தலாம். ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். அந்த அக்காவும் இப்படித்தான் இறங்கினார், சாயங்காலத் தேநீரை விட்டதுதான் மாத்திரையைவிடக் கஷ்டம் என்று இன்றும் சொல்கிறார்.

குறைக்கும் காலத்தில் வீட்டில் யாரும் அம்மாவுக்கு "கொஞ்சம் ஸ்டவுட் குடிச்சா தூக்கம் வரும்" என்று யோசனை சொல்ல வேண்டாம். மதுவும் அதே காபாவில்தான் கை வைக்கிறது. ஒன்றை விட்டு இன்னொன்றில் ஏறினது போலாகும். சோல்பிடெமோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், விழுந்து இடுப்பெலும்பு உடையும். பெரியம்மாவின் சானாக்ஸில் பாதி கொடுத்து ஒப்பேற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

பிரிட்டோனுக்கு வருகிறேன். அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம், அலர்ஜிக்கு உள்ளது. தூக்கம் அதன் பக்கவிளைவு. சில இருமல் மருந்துகளில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமினும் இதே வகை. இது காபாவைத் தொடுவதே இல்லை, விழிப்பைத் தரும் ஹிஸ்டமினை அடைக்கிறது. அந்தத் தூக்கக் குணத்துக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும். டைஃபென்ஹைட்ரமினைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் நான்காம் நாளிலேயே வெறும் மாத்திரைக்கும் அதற்கும் தூக்கக் கலக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்கு இன்னும் வேலை செய்கிறது என்றால், எப்போதாவது போடுவதால்தான்.

விடுவது சுலபம். எப்போதாவது போடுகிறவர் அப்படியே நிறுத்திவிடலாம். தினமும் மாதக்கணக்கில் போட்டவருக்கு ஒன்றிரண்டு இரவு தூக்கம் தள்ளிப்போகும். அளவுக்கு மீறிப் போட்டவர்களுக்கு மட்டும் சில நாள் மூக்கொழுகும், வேர்க்கும், குமட்டும், வயிறு இளகும். வாயையும் குடலையும் இதுவரை உலர்த்தி வைத்திருந்த மருந்து போனதும் அவை எதிர்ப்பக்கம் சாய்வதுதான் அது. அப்படிப்பட்டவர் ஒரு வாரம் பாதியாக்கி விட்டால் போதும். வலிப்பு, மாதக்கணக்கில் இழுப்பது எல்லாம் இங்கே இல்லை. சிலருக்கு அரிப்பு திரும்பும், மருந்து அதுவரை மறைத்து வைத்திருந்த அரிப்பு.

ஆனால் பிரிட்டோனில் தலைகீழாக ஒரு விஷயம். பென்சோடயசெபைனில் விடும்போதுதான் ஆபத்து அதிகம் என்றால், வயதானவர்களுக்கு இதில் போடும்போதுதான் ஆபத்து. குளோர்பெனிரமின் உடம்பை விட்டுப் போகச் சுணங்கும். இரவு போட்ட இரண்டு மாத்திரை மறுநாள் மதியமும் மிச்சம் இருக்கும். வாய் உலரும், மலம் இறுகும், ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர் அடைத்தே போகும். வயதானவர்கள் பகலில் குழம்புவார்கள், பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுவார்கள், வீட்டில் "மறதி வந்துடுச்சு" என்பார்கள். சோல்பிடெமைக் குறைக்கும்போது ஈடாகப் பிரிட்டோனை ஏற்றுவது நம்மிடம் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அம்மா இரண்டையும் ஒன்றாக விட நினைக்கிறார், நல்லது. பிரிட்டோனை முதல் நாளே வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள், சோல்பிடெமை மட்டும் படிப்படியாக இறக்குங்கள்.

குறைக்கும்போது பகலில் கை நடுங்கினாலோ, காரணமில்லாமல் வேர்த்து நெஞ்சு அடித்தாலோ, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போனாலோ, இல்லாததைப் பார்த்தாலோ, முதலில் முந்தைய அளவுக்குத் திரும்பி அன்றே கிளினிக்குக்குப் போங்கள். அது பெரும்பாலும் ஒரு மாத்திரையின் வேலையாக இருக்காது, நாம் அறியாத வேறு ஏதோ உள்ளே போயிருக்கலாம். உடம்பு இழுத்தாலோ பேச்சுக் குழறி நினைவு தப்பினாலோ 999. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் கரண்டியோ சாவியோ திணிக்காதீர்கள்.

நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் தூக்கம் சரியாகவில்லை என்றால், அது மாத்திரையின் கணக்கில் வராது. மாத்திரை தொடங்கியபோது யாரும் கேட்காத கேள்விகளை அப்போது கேட்க வேண்டும். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா? சர்க்கரை கட்டுப்படாமல் இரவில் மூன்று நான்கு தடவை எழுகிறாரா? முட்டிவலியா? தைராய்டு பார்த்தீர்களா? எதிலும் மனம் ஒட்டாமல், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து அழுகிறாரா? இதில் எது என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான வழி சொல்ல முடியும். குறைக்கும் ஆறு வாரமும் படுத்த நேரம், எழுந்த நேரம், மாத்திரை அளவு மூன்றையும் சுவர் நாட்காட்டியில் அந்தந்தக் கட்டத்திலேயே எழுதி வாருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாள்களைக் கிழித்துக்கொண்டு போனால் போதும்.